ஆபீஸில் மட்டும் அடம்பிடித்த லேப்டாப்

நான் காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தவள், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். ஆடிட்டர் சாரின் கோபம் எந்த நேரத்தில் வரும், எந்தப் பலகாரத்தில் இறங்கும் என்பது அவர் மனைவி ஆச்சிக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும்.

சாருக்குக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் தூக்கம் வராது. ஆனால் இயந்திரம் எதையும் அவர் சந்தேகப்பட மாட்டார், நேராகத் தண்டித்துவிடுவார். பிரிண்டர் தாளைக் கடித்தால் அதன் தலையில் ஒரு தட்டு. கால்குலேட்டர் மங்கினால் மேஜையில் ஒரு குத்து. அப்படிப்பட்டவர் ஒரு லேப்டாப்பிடம் மட்டும் கெஞ்சியதைப் பார்க்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது.

அந்த லேப்டாப்பை சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய மகள் வாங்கிக் கொடுத்திருந்தாள். பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்து, மூடியின் ஓரத்தில் பொட்டு வைத்துத்தான் முதன்முதலாகத் திறந்தார். அதோடு ஒரு டாக்கிங் ஸ்டேஷனும் அனுப்பியிருந்தாள். டாக் என்று சொல்வோம். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் நீளமான பெட்டி. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், இன்டர்நெட் ஒயர், வரித் தாக்கலில் கையெழுத்துப் போடுகிற டிஜிட்டல் டோக்கன், இங்கே கடையில் வாங்கிய பெரிய மானிட்டர் எல்லாம் அந்தப் பெட்டியில் செருகியிருக்கும். பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரே ஒரு ஒயர். காலையில் வந்ததும் சார் அந்த ஒயரைச் செருகுவார், பட்டனை அமுக்குவார், மூடியை மூடுவார், பெரிய மானிட்டரில் வேலை தொடங்கும். சாயங்காலம் ஒயரை உருவி, லேப்டாப்பைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். மாதக்கணக்கில் அது ஒழுங்காகத்தான் நடந்தது.

ஒரு நாள் காலை மானிட்டரில் லேப்டாப் கம்பெனியின் லோகோ வந்தது. வந்தது, நின்றது. வழக்கமாக அதன் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். அதுவும் இல்லை. கறுப்புத் திரையின் நடுவில் லோகோ மட்டும் சாமி படம்போலப் பிரகாசமாக இருந்தது.

சார் கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்தார். பிறகு மேஜையைத் தட்டினார். லோகோ அசையவில்லை. பட்டனை நீளமாக அமுக்கி அணைத்து மறுபடி போட்டார். மறுபடியும் லோகோ.

அந்த நேரம் பார்த்து புதுவயலிலிருந்து ஒரு அரிசி ஆலைக்காரர் வந்து உட்கார்ந்தார். அவர் திரையைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"என்ன சார், இந்தக் கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்துட்டீகளா? சொல்லவே இல்ல!"

நான் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அன்று மதியம்வரை போராடிவிட்டு, சார் சலிப்பில் ஒயரை உருவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பட்டனை அமுக்கியிருக்கிறார். அது ஒன்றுமே நடக்காததுபோலத் திறந்து, நேற்று விட்ட இடத்தைக் காட்டியதாம். மறுநாள் ஆபீசில் செருகினால் மறுபடியும் லோகோ.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. வீட்டில் சமத்து, ஆபீசில் அடம். ஆச்சி ஒரு நாள் மதியச் சாப்பாட்டை அவரே எடுத்துக்கொண்டு வந்தபோது இதைப் பற்றித் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார்.

"வீட்டுல கெடந்தா எவ்வளவு சமத்தா இருக்கு. இங்குட்டு வந்தாத்தான் இப்புடி. நீங்க அத என்ன வேல வாங்குறீகளோ, யாரு கண்டா? எனக்கே இந்த ஆபீசுக்குள்ள நொழஞ்சா மூச்சு முட்டுது."

"மெசினுக்கு எப்புடித் தெரியும் ஆச்சி, வீடு எது ஆபீஸ் எதுன்னு?" என்றேன் நான்.

"ஏன் தெரியாது? ஒன் மகனுக்குப் பள்ளிக்கூடம் எதுன்னு தெரியலையா? திங்கக்கெழமையானா வயித்துவலிங்குறான்னு நீதான சொன்ன."

என் அம்மாவிடம் சொன்னபோது, அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னார். காணாமல் போன பொருளுக்குத்தான் அந்தோணியார். கண்முன்னே இருந்துகொண்டு அடம்பிடிக்கிற பொருளுக்கு யாரை வேண்டுவது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

பேருந்து நிலையத்துப் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் எங்களுக்கு வாடிக்கையானவர். அவருடைய ஜி.எஸ்.டி. கணக்கை நாங்கள் பார்க்கிறோம், எங்கள் கம்ப்யூட்டர்களை அவர் பார்க்கிறார். நடுத்தர வயதுக்காரர், அவசரப்பட மாட்டார். சார் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"சார், நல்லாத்தான இருக்கு? ஒரு தடவகூட நிக்கலையே."

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. வலிக்கிறது என்று டாக்டரிடம் கூட்டிப்போனால், அங்கே போய்ச் சிரிக்கிற குழந்தையைப் பெற்றவர் முகம். கடைக்காரர் தன்னைச் சந்தேகப்படுகிறார் என்று வேறு அவருக்குத் தோன்றிவிட்டது.

"ஏம்மா, நீ சொல்லு. நிக்குதா இல்லையா? நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் சார். அரிசி ஆலைக்காரர்கூடப் பாத்தாரு."

"அவர எதுக்கு இழுக்குற?"

இரண்டாவது முறை கொண்டுபோனார். இரண்டாவது முறையும் அங்கே அது சிரித்துக்கொண்டே திறந்தது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாமா என்று சார்தான் கேட்டிருக்கிறார். கடைக்காரர் வேண்டாம் என்றிருக்கிறார். லோகோவின் கீழே புள்ளிகள்கூடச் சுற்றவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, எழுந்திருக்காதவனை மாற்றி என்ன பிரயோசனம் என்று அவர் கேட்டது சாருக்கு நியாயமாகப் பட்டது. ஆனாலும் கோபம் தீரவில்லை.

இதற்கிடையில் சார் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்திருந்தார். ஒயரைச் செருகாமல் முதலில் லேப்டாப்பைத் திறந்துவிடுவது. விண்டோஸ் வந்து, எல்லாம் அமைதியான பிறகு, மெதுவாக ஒயரைச் செருகுவது. அப்படிச் செய்தால் மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல அவர் அந்த ஒயரைச் செருகுவதைப் பார்க்க, அடுத்த அறையிலிருந்தும் நாங்கள் ஏதாவது ஒரு சாக்கில் வருவோம்.

ஆனால் அந்த வழியும் நிரந்தரமில்லை. தாக்கல் நெருக்கடியில் எல்லோரும் தலைகீழாக நின்றுகொண்டிருந்த ஒரு மதியம், சார் சாப்பிடப் போன நேரத்தில் விண்டோஸ் அப்டேட் வந்து தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒயர் செருகியிருந்தது. சார் ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பி வந்தபோது லோகோ அவரை வரவேற்றது.

"போன் போடும்மா அந்தாளுக்கு," என்றார்.

நான் ஸ்பீக்கரில் போட்டேன். கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"வீட்டுல நிக்கல. என் கடையில நிக்கல. ஒங்க மேசையில மட்டும் நிக்குது. அப்ப ஒங்க மேசையில அதோட என்னத்தையெல்லாம் கோத்து வச்சிருக்கீக?"

நான் சாரைப் பார்த்தேன். சார் டாக்கைப் பார்த்தார். அந்த நொடியிலேயே குற்றவாளி முடிவாகிவிட்டது.

"இந்தப் பொட்டிதான். மொதல்லயே நெனச்சேன்."

முதலில் அவர் நினைத்தது ஆபீஸ் வாசல் இருக்கும் திசை சரியில்லை என்பது. மேஜையைக்கூட ஒரு முறை திருப்பிப் போட்டோம். அதை நான் அப்போது நினைவுபடுத்தவில்லை.

மறுநாள் கடைக்காரர் தன்னிடம் இருந்த வேறொரு டாக்கை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்தார். எங்கள் டாக்கிலிருந்த எல்லா ஒயரையும் உருவி, அப்படியே அவர் டாக்கில் மாற்றிச் செருகினார். பட்டனை அமுக்கினார்.

லோகோ. புள்ளி இல்லை.

கடைக்காரர் தாடையைத் தடவினார். "ஒங்க பொட்டி மேல தப்பில்ல சார்."

"அப்ப மானிட்டர்தான்," என்றார் சார், ஒரு வினாடிகூட வீணாக்காமல்.

கடைக்காரர் டாக்கை விலக்கிவிட்டு, மானிட்டரின் படம் வருகிற தடித்த ஒயரை மட்டும் நேராக லேப்டாப்பில் செருகினார். அணைத்துப் போட்டார். லோகோ வந்தது, புள்ளிகள் சுற்றின, விண்டோஸ் பெரிய திரையில் அழகாக விரிந்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டாக்கை மாற்றினாலும் நிற்கிறது. மானிட்டரை மட்டும் வைத்தால் நிற்கவில்லை. தனித்தனியாகக் கேட்டால் எல்லோரும் நல்லவர்கள், ஒன்றுகூடினால் ஏதோ நடக்கிறது.

"எங்க சொந்தக்காரங்க மாதிரி," என்றார் சார். அவர் நகைச்சுவையாகப் பேசியதே எங்களுக்கு அதிர்ச்சி.

அப்போதுதான் சாரின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை அவர் அந்த லேப்டாப்பின் சொந்தக்காரராகத்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சட்டைக் கையை மடக்கி, ஆடிட்டராக ஆனார்.

"ஏம்மா, ட்ரையல் பேலன்ஸ் இடிச்சா என்ன செய்வ?"

"எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு, ஒவ்வொரு கணக்கா சேத்துப் பாப்பேன் சார். எத சேக்கையில இடிக்குதோ, அதுல பாப்பேன்."

"அதத்தான் செய்யணும். தம்பி, எல்லாத்தையும் கழட்டுங்க. ஒண்ணு சேக்கணும், அணைச்சுப் போடணும். ரெண்டு ஒண்ணா சேக்கப்பிடாது."

கடைக்காரர் சிரித்தார். "நானும் அதத்தான் சொல்ல வந்தேன் சார். முழுசா அணைச்சிட்டுப் போடணும், அது ஒண்ணுதான் பாக்கி."

எங்கள் பழைய டாக்கையே வைத்தோம். முதலில் டாக்கில் கரண்ட் ஒயர் மட்டும். லேப்டாப் திறந்தது. அணைத்தோம். மானிட்டரின் தடித்த ஒயரைச் செருகினோம். திறந்தது. அணைத்தோம். கீபோர்டும் மவுஸும் ஒரே சின்ன ரிசீவரில் வருவதால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை; சார் அதற்கு விதிவிலக்கு அளித்தார். திறந்தது. டோக்கனைச் செருகும்போது சார் மூச்சை அடக்கிக்கொண்டார், ஏனென்றால் அது கெட்டால் அவர் கையெழுத்தே நின்றுபோகும். திறந்தது. பிரிண்டர் ஒயர், திறந்தது. இன்டர்நெட் ஒயர், திறந்தது.

இந்த நேரத்தில் ஆச்சி டிபன் கேரியரோடு உள்ளே வந்தார். மேஜை முழுக்க ஒயர் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன, கடைய மூடியாச்சா?" என்றார்.

"பேசாம இரு. சோதன நடக்குது."

"ரெய்டா?"

நான் ஆச்சிக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் உட்கார்ந்து, கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்த்தார்.

மேஜையில் ஒரே ஒரு ஒயர்தான் பாக்கி இருந்தது. ஒல்லியான கறுப்பு ஒயர். அதன் ஒரு முனை டாக்குக்கு. இன்னொரு முனை மானிட்டருக்குப் பின்னால் எங்கேயோ போனது.

"இது என்ன? மானிட்டர் ஒயரத்தான் ஏற்கெனவே குத்தியாச்சே," என்றார் சார்.

"அது படம் வர்ற ஒயர் சார். இது வேற," என்றார் கடைக்காரர். "இந்த மானிட்டருக்குப் பின்னாடி யு.எஸ்.பி. ஓட்டை இருக்கு. அதுல எதையாச்சும் செருகுனா, இந்த ஒயர் வழியாத்தான் லேப்டாப்புக்குத் தெரியும். நாம நேரா லேப்டாப்புல மாட்டிப் பாத்தப்ப இந்த ஒயர மாட்டவே இல்ல."

செருகினார். அணைத்துப் போட்டார்.

லோகோ வந்தது. நாங்கள் காத்திருந்தோம். புள்ளி வரவில்லை. இத்தனை நாள் பயந்து வெறுத்த அந்த லோகோவைப் பார்த்து எனக்கு முதன்முறையாகச் சந்தோஷம் வந்தது.

"ஆப்ட்டுச்சு!" என்றார் சார். நிதியாண்டு முடிவில் கணக்கு ஒத்துப்போகும்போது வருகிற அதே குரல்.

கடைக்காரர் மானிட்டரைத் திருப்பினார். பின்பக்கம், உள்ளே தள்ளி, முன்னாலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத இடத்தில், ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது. தங்க நிறத்தில், இதய வடிவ மூடியோடு. கல்யாண ஆல்பத்தோடு ஸ்டுடியோவில் கொடுக்கிற மாதிரி.

சாரின் காது சிவந்தது.

நான் உடனே புரிந்துகொண்டேன். ஆபீசில் எல்லோருக்கும் புரிந்திருக்கும். மகளின் கல்யாண வீடியோ. மகள் சிங்கப்பூர் போனதிலிருந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து அதைப் பார்ப்பார். நாங்கள் ஃபைல் கொண்டுபோனால் சட்டென்று ஏதாவது எக்செல் ஷீட்டைத் திறந்துவிடுவார். நாங்களும் கவனிக்காததுபோல இருப்போம். கொஞ்ச நாள் கழித்து அது தடுக்கித் தடுக்கி ஓட ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் திறக்கவே மறுத்திருக்கிறது. சார் அதை விட்டுவிட்டு, மானிட்டருக்குப் பின்னால் அது இருப்பதையே மறந்துபோனார்.

"அது நம்ம பீரோவுலல்ல இருக்கு?" என்றார் ஆச்சி, கேரியரை மேஜையில் வைத்துவிட்டு.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"மீனாச்சி கல்யாண வீடியோவப் பாக்கணும்னு ஒறவுக்காரங்க கேட்டப்ப, ஆடிட் வேலையா இருக்கேன், அப்பறம் தேடித் தாரேன்னு சொன்னீகளே. இதானா ஆடிட்டு?" மீனாச்சி என்பது மகளை வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் பெயர். எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"சும்மா ஒரு நா பாத்தேன்," என்றார் சார்.

"ஒரு நா!" என்று சொல்லிவிட்டு ஆச்சி என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

கடைக்காரர் இதற்குள் வரவில்லை. அவர் பென் டிரைவை மெதுவாக உருவி எடுத்தார். மற்ற எல்லா ஒயரும் அப்படியே இருக்க, லேப்டாப்பை அணைத்துப் போட்டார். லோகோ, புள்ளிகள், விண்டோஸ். அணைத்தார். டாக்கை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டு, பென் டிரைவை மட்டும் நேராக லேப்டாப்பில் செருகிப் போட்டார். லோகோ வந்து நின்றது. இனி யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது.

"எதனால இப்புடி?" என்று நான் கேட்டேன்.

"லேப்டாப்பு முழிக்கிறப்ப, தன்னோட மாட்டியிருக்குற ஒவ்வொண்ணையும் கூப்புட்டு, நீ யாரு, ஒன்கிட்டருந்து நான் எந்திரிக்கலாமான்னு விசாரிக்கும். மத்ததெல்லாம் பதில் சொல்லிரும். இது சாகப்போற பென் டிரைவு. இங்கதான் இருக்கேன்னு கை தூக்குது, அதுக்கு மேல பேச மாட்டேங்குது. லேப்டாப்பு பதிலுக்குக் காத்துக்கிட்டே நின்னுருச்சு. விண்டோஸ் வந்த பின்னாடி ஒயரக் குத்துனா, இது பேசாட்டியும் விண்டோஸ் பாட்டுக்கு மத்த வேலையப் பாக்கும்."

சார் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவர் கேட்டது டாக்கைப் பற்றியோ மானிட்டரைப் பற்றியோ இல்லை.

"உள்ள இருக்குறத எடுக்க முடியுமா தம்பி?"

"முயற்சி பண்றேன் சார். சொல்ல முடியாது. ஸ்டுடியோவுல காப்பி வச்சிருந்தா நல்லது."

ஸ்டுடியோக்காரர் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார் என்று ஆச்சி சொன்னார். சம்பந்தி வீட்டில் ஒன்று இருக்க வேண்டும், ஆனால் அவர்களிடம் போய் எங்கள் பிரதி போய்விட்டது என்று கேட்பது யார்? சாரும் ஆச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆச்சி கேரியரைத் திறந்து, "முதல்ல சாப்புடுங்க," என்றார். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை.

இரண்டொரு நாளில் கடைக்காரர் திரும்பி வந்தார். பலமுறை முயன்றதில் ஒரு துண்டு மட்டும் காப்பி ஆனதாகச் சொன்னார். தாலி கட்டுவது இல்லை, மாலை மாற்றுவது இல்லை. பந்தி மட்டும். புதிய பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மிச்சத்தைப் பிறகு சம்பந்தி வீட்டிலிருந்து சிங்கப்பூர் மருமகனே இன்டர்நெட்டில் அனுப்பிவைத்தார். ஆச்சி அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாராம், அவ்வளவு கௌரவம் பார்த்துக்கொண்டிருந்தது சார் ஒருத்தர்தான்.

ஆனால் அன்று எங்களிடம் இருந்தது பந்தித் துண்டுதான். ஆச்சி சாரின் அறைக்கதவை விரியத் திறந்து வைக்கச் சொன்னார். பெரிய மானிட்டரில், சத்தமாக, எல்லோரும் பார்த்தோம். சார் பட்டுவேட்டியில் பந்திக்குள் வேகவேகமாக நடந்து, பரிமாறுகிறவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி என்னவோ விசாரித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றும் ஆடிட்தான்.

"பொண்ணு கழுத்துல தாலி ஏறுறப்பகூட இவுக பந்தியிலதான் நின்னாக," என்றார் ஆச்சி.

"நின்னேன்தான். மணவறைப் பக்கம் நின்னா அழுதுருவேன்னு வந்துட்டேன்," என்றார் சார், திரையைப் பார்த்துக்கொண்டே.

கேமரா மெல்ல அடுத்த வரிசைக்கு நகர்ந்தது. அங்கே, நீலப் புடவையில், சுற்றிலும் என்ன நடக்கிறது என்ற கவலையே இல்லாமல், ஒருத்தி கவுனி அரிசி இனிப்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பரிமாறுகிறவரைக் கைநீட்டிக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டிருந்தாள். கேமராமேனுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிருக்க வேண்டும். விட்டு நகரவே இல்லை.

ஆச்சி சாய்ந்து திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடியே, நீ அன்னைக்கு ஒடம்பு சரியில்லைன்னு கல்யாண வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு வீட்டுக்குல்ல போன?"

சார் மெதுவாகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.